சுவரில் இரண்டு நீர்க்கோடுகள்: வெள்ளக் கோரிக்கையில் வந்த 14 படங்களை எப்படி எடைபோடுவது?

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

அனைவருக்கும் வணக்கம். இழப்பு மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இரண்டாவது ஆண்டாக உதவியாளராக வேலை செய்கிறேன். ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எழுதிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 2025 நவம்பர் 23 இரவு பெய்த மழையில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கால்வாய் நிரம்பி, எங்கள் தாமானின் கடைசி இரண்டு வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் ஒரு வீட்டின் காப்புறுதிக் கோரிக்கை இப்போது என் மேசையில் இருக்கிறது. வீட்டுக்காரர் யார், எந்த நிறுவனம் என்பதை எழுத மாட்டேன். படங்களையும் இங்கே பதிவேற்ற மாட்டேன்.

மொத்தம் 14 படங்கள். வீட்டுக்காரர் ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஏஜெண்டு எங்களுக்கு அனுப்பியவை. எனக்கு ஐந்து இடங்களில் இடறுகிறது. எந்தப் படத்திலும் எடுத்த தேதியோ கைப்பேசியின் விவரமோ இல்லை. மகனிடம் கேட்டு மின்னஞ்சலில் வாங்கிய ஒரே மூலப் படத்தில் ஜிபிஎஸ் நேரம் இரவு 11.45 என்கிறது, ஆனால் படத்தில் பகல் வெளிச்சம். படம் 5-இல் தையல் இயந்திரம் காய்ந்த சேற்றின் மேல் நிற்கிறது. படம் 7-இல் உள்ள சலவை இயந்திரம், பின்வரிசை வீட்டின் கோரிக்கையிலும் அப்படியே வந்திருக்கிறது. படம் 11-இல், தொலைக்காட்சி அலமாரிக்குப் பின்னால் உள்ள நீர்க்கோடு, ஹாலின் மற்றப் படங்களில் இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது.

மேலாளர் வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கேட்கிறார். இவற்றில் எதைச் சந்தேகம் என்று எழுதுவது, எதை விட்டுவிடுவது?

---

கைப்பேசிக் கடை ராமு

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கைப்பேசியில் எடுத்த படமானால் தேதி, நேரம், மாடல் எல்லாம் உள்ளே பதிவாகியிருக்கும். 14 படத்திலும் அது இல்லை என்றால் யாரோ அழித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். மூலப் படத்திலும் நேரம் முரண்படுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். படத்தைத் திருத்திய இடங்களை வெளிச்சமாகக் காட்டும் இணையத்தளங்கள் இருக்கின்றன. என் கடையில் வாடிக்கையாளர் ஒருவரின் படத்தைப் போட்டுப் பார்த்தபோது தேதி எழுதிய இடம் அப்படியே பளிச்சென்று எரிந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

---

பழைய அட்ஜஸ்டர்

1988-இல் இந்தத் தொழிலுக்கு வந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்றவன் நான். ராமு சொல்வதில், கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் விவரங்கள் பதிவாகும் என்பது மட்டும் சரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதே அந்தச் செயலி படத்தைச் சுருக்கி, உள்ளிருக்கும் தேதி, இடம், மாடல் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறது. IMG-20251126-WA0011.jpg என்பது போன்ற பெயர் இருந்தால், அதிலுள்ள தேதி படம் அந்தச் செயலி வழியாகப் போய்வந்த நாள். எடுத்த நாள் அன்று. 23-ஆம் தேதி வெள்ளத்துக்கு 26 என்று பெயரிட்ட படம் வருவதில் ஒரு குற்றமும் இல்லை. விவரம் இல்லாத படம் எதையும் சொல்லவில்லை என்று மட்டும் எழுதலாம், பொய் சொல்கிறது என்று எழுதக் கூடாது.

இளமாறன், அந்த ஒரு மூலப் படத்தை, கோப்புக்குள் பதிவான விவரங்களைக் காட்டும் பின்வரும் கட்டளையில் ஓட்டிப் பார்த்து, வந்த நேரங்களை இங்கே எழுதுங்கள். இடத்தின் எண்களை எழுத வேண்டாம்.

```
exiftool -a -G1 -s -time:all -Make -Model -Software படம்.jpg
```

---

வசந்தி

இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் தண்ணீர் வந்தது. நானும் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படங்களின் தேதியை உறுதிசெய்ய முடியவில்லை என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. என் கைப்பேசியில் மூலப் படங்கள் இருந்தன. கேட்டிருந்தால் அப்படியே கொண்டுபோய்க் காட்டியிருப்பேன், ஆனால் யாரும் கேட்கவில்லை. பிறகு கைப்பேசி பழுதாகி எல்லாம் போயிற்று. என் ஐஸ்பெட்டியும் மகளின் பள்ளிப் புத்தகங்களும் உண்மையாகவே நனைந்தவை. தம்பி, தயவுசெய்து முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

---

பழைய அட்ஜஸ்டர்

வசந்தி அம்மா, உங்களுக்கு நடந்தது தவறு. மூலக் கோப்பைக் கேட்காமல், தேதி தெரியவில்லை என்று எழுதுவது மதிப்பீட்டாளரின் வேலைக்குறையே ஒழிய உங்கள் குறை ஆகாது. இனி இப்படி நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் தன் இறுதி முடிவைத் தெரிவித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், இத்தகைய நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் அது நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் சேவை என்ற பெயரில் இயங்குகிறது.

படிப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் வேண்டும் என்றால், படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அப்போது கோப்பு மாறாமல் போகும். பணம் கைக்கு வரும்வரை கைப்பேசியிலுள்ள மூலத்தை அழிக்காதீர்கள்.

---

புக்கிட் ரோத்தான் குமார்

நல்ல விவாதம். எனக்கும் ஒரு கேள்வி. என் கார் வெள்ளத்தில் பாதி மூழ்கியது. மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் இருக்கிறது. எந்தக் கோணத்தில் படம் எடுத்தால் பணம் கிடைக்கும்?

---

பழைய அட்ஜஸ்டர்

குமார், உங்கள் சிக்கல் படத்தில் இல்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் சொந்தக் காரின் வெள்ளச் சேதத்தைச் சுமக்காது. முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள்கூடப் பெரும்பாலும் வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். அதைத் தனி இழையில் கேளுங்கள், அங்கே பதில் சொல்கிறேன்.

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

ஐயா, நீங்கள் சொன்னபடி ஓட்டினேன். கோப்பின் பெயர் 20251124_074518.jpg. வந்தவை:

```
[ExifIFD] DateTimeOriginal : 2025:11:24 07:45:18
[ExifIFD] OffsetTimeOriginal : +08:00
[GPS]     GPSDateStamp : 2025:11:23
[GPS]     GPSTimeStamp : 23:45:10
```

ஜிபிஎஸ் தேதி 23, நேரம் இரவு 11.45. தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்ததே ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். படத்திலோ சமையலறை ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்திருக்கிறது, தரையில் தண்ணீர் வடிந்து சேறுதான் இருக்கிறது. இதனால்தான் யாரோ நேரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

---

லோகா

நான் ஒரு நிறுவனத்தில் கோரிக்கைப் படங்களின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த இரண்டு நேரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஜிபிஎஸ் நேரம் உலகப் பொதுநேரத்தில்தான் எழுதப்படும், மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 23-ஆம் தேதி 23:45-உடன் எட்டைக் கூட்டினால் 24-ஆம் தேதி காலை 07:45 வருகிறது. எட்டு விநாடி வேறுபாடு, கைப்பேசி கடைசியாகத் தன் இடத்தைக் கண்டறிந்த தருணத்துக்கும் படம் எடுத்த தருணத்துக்கும் இடையிலுள்ளது.

கைப்பேசியின் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் படம் எடுக்கலாம். ஆனால் ஜிபிஎஸ் நேரம் பெரும்பாலும் அதோடு சேர்ந்து நகராது. ஆகவே இரண்டும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது வீட்டுக்காரருக்குச் சாதகமான சான்று. கோப்பில் உள்ள இந்த வரிகளையே பிறகு மாற்றி எழுதும் வழியும் இருக்கிறது என்பதால், அதை முடிந்த முடிவாக எழுத வேண்டாம். அதே காலையில் அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கேளுங்கள். மனிதர்கள் ஒரு பொருளை ஒரே ஒரு முறை எடுப்பதில்லை; ஒன்று ஆடிப்போகும், ஒன்றில் விரல் மறைக்கும், மூன்றாவதுதான் நன்றாக வரும். அந்த வீணான இரண்டும் கைப்பேசியில் இருந்தால், நன்றாக வந்த மூன்றாவது அங்கேதான் பிறந்தது என்று பெரும்பாலும் நம்பலாம்.

---

கைப்பேசிக் கடை ராமு

வாட்ஸ்அப் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத் திருத்தம் காட்டும் சோதனையை நீங்கள் யாரும் தொடவில்லையே. இளமாறன் சொல்லும் 14 படங்களில் படத்தின் மேலேயே தேதி முத்திரை அச்சானது ஏதாவது இருந்தால், அதைப் போட்டுப் பார்க்கலாம் அல்லவா?

---

லோகா

அந்தச் சோதனை, படத்தை மறுபடி ஒருமுறை அமுக்கி, எந்த இடம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டுகிறது. கூர்மையான விளிம்புகளும் எழுத்துகளும் இயல்பாகவே அதில் பிரகாசமாகத் தெரியும். உங்கள் வாடிக்கையாளர் படத்தில் தேதி எரிந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். மேலும், வாட்ஸ்அப் ஏற்கெனவே படம் முழுவதையும் ஒருமுறை அமுக்கிவிட்டதால், அதற்கு முன் யாராவது உண்மையாகவே திருத்தியிருந்தாலும் அந்தத் தடம் பெரும்பாலும் மங்கிப்போயிருக்கும். நல்ல படத்தைக் குற்றவாளியாக்கவும் கெட்ட படத்தைத் தப்பவிடவும் செய்கிற சோதனையை அறிக்கையின் அடித்தளமாக வைக்க முடியாது. ஒரே பகுதியை நகலெடுத்து ஒட்டியதைத் தேடும் கருவிகளும் அப்படித்தான்: ஜிங் கூரையையும் ஒரே மாதிரியான தரை ஓடுகளையும் கண்டால், நகல் நகல் என்று அடையாளமிடும்.

படம் 7 பற்றி நான் கேட்க வேண்டும். இரண்டு கோரிக்கைகளிலும் ஒன்றேதான் என்பதை எப்படிக் கண்டீர்கள்? கண்ணாலா, நிறுவனத்தின் கணினியா?

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

கணினிதான் கொடி காட்டியது. 64 புள்ளிகளில் 3 மட்டும் வேறுபடுகின்றன என்று வந்தது. பிறகு நானும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இயந்திரம், மூடியின் மேல் அதே நீல வாளி, வாளியின் கைப்பிடி சாய்ந்திருக்கும் விதமும் அதுவே.

---

லோகா

அப்படியானால் ஒரே படம்தான். எங்களிடமும் இதே முறைதான்: படத்தைச் சிறு சாம்பல் நிறக் கட்டங்களாகச் சுருக்கி, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எது வெளிச்சம் கூடியது என்பதை 64 ஆம்-இல்லை விடைகளாகச் சேமிக்கிறோம். மறுபடி அமுக்கினாலும், கொஞ்சம் வெளிச்சம் கூட்டினாலும் இரண்டு மூன்று விடைகள்தான் மாறும். இடவலமாகப் புரட்டினாலோ பெரிதாக வெட்டினாலோ தப்பிவிடும். அதனால் புரட்டிய வடிவத்தையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது. வெறும் வெள்ளைச் சுவர் படங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலே பொருந்திவிடும் என்பதால் கண்ணால் பார்ப்பதை விட முடியாது. வாளியின் கைப்பிடியை நீங்கள் பார்த்தது அதற்காகவே மிகச் சரி.

ஆனால் ஒரே படம் இரண்டு கோரிக்கையில் இருப்பது, இரண்டில் ஒன்று பொய் என்று சொல்வதாகாது. ஒன்றில் அது அந்த வீட்டுப் படம் இல்லை, அவ்வளவுதான். எந்த வீடு என்பதை இயந்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சுற்றியிருப்பதைப் பாருங்கள். தரை, சுவர் ஓடு, தண்ணீர் போகும் துளை, குழாய் எந்தப் பக்கம்?

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

இன்று நேரில் போய்வந்தேன். ஐயா கேட்பார் என்று தெரிந்து அளவுநாடாவும் கொண்டுபோனேன்.

படம் 7-இல் இயந்திரத்தின் இடப்பக்கம் தண்ணீர் போகும் துளை இருக்கிறது, குழாய் வலப்பக்கம். எங்கள் கோரிக்கையாளர் வீட்டில் இரண்டும் வலப்பக்கம். பின்வரிசை வீட்டில்தான் படத்தில் உள்ளபடி இருக்கிறது. அந்த வீடு இவருடைய தங்கையின் வீடு. இரண்டு சகோதரிகளும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாதிரி இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். தங்கை தன் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, ஏஜெண்டு கேட்டபோது மகன் குழுவிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறார். தன் அம்மாவின் இயந்திரம் என்றுதான் அவர் நினைத்தார்.

இவர் வீட்டு இயந்திரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. பின்தகட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். அடியில் மோட்டாரைச் சுற்றி மெல்லிய சேறு படிந்து காய்ந்திருக்கிறது. வரிசை எண் தங்கை வீட்டு இயந்திரத்தின் எண்ணிலிருந்து வேறு. படம் 7-ஐ நீக்கிவிட்டு, நேரில் பார்த்ததை வைத்து அந்தப் பொருளை ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.

---

பழைய அட்ஜஸ்டர்

ஏற்கலாம். பின்தகட்டைக் கழற்றியது மிக நல்ல வேலை. குழாயைத் திறந்துவிட்டு வெள்ளம் என்று காட்டுபவர்கள் உண்டு. குழாய்த் தண்ணீரில் சேறு இருக்காது. அது மேலிருந்து ஒழுகிய தடத்தைத்தான் விடும். வெள்ளம் கீழிருந்து மெதுவாக ஏறி, கை நுழையாத இடத்திலும் வண்டலை விட்டுப் போகும். இழுப்பறைகளின் தடத்துக்குள், மோட்டாருக்கு அடியில், சுவர் சாக்கெட்டின் பின்புறப் பெட்டிக்குள் பாருங்கள். வெளியே வாரி இறைப்பது எளிது, உள்ளே சீராகப் படியவைப்பது மிகவும் கடினம்.

இப்போது படம் 5. தையல் இயந்திரத்தின் கால்களுக்குக் கீழே சேறு தொடர்ந்து போகிறதா, அல்லது கால் இருந்த இடம் சுத்தமாக இருக்கிறதா?

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

தொடர்ந்து போகிறது, ஐயா. காய்ந்து வெடித்த சேற்றின் கோடுகள் கால்களுக்கு அடியிலும் நீள்கின்றன. பக்கத்தில் ஐஸ்பெட்டி இருந்த இடத்தில் மட்டும் நான்கு சுத்தமான சதுரங்கள் தெரிகின்றன. வெள்ளம் வந்தபோது தையல் இயந்திரம் அந்த இடத்தில் இல்லை என்பது உறுதி. இது ஜோடித்த படம்தானே?

---

பழைய அட்ஜஸ்டர்

படம் ஜோடிக்கப்பட்டது என்பது உண்மை. சேதம் ஜோடிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. நம் ஊரில் வெள்ளம் வடிந்தவுடன் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் முதலில் தூக்க முடிந்ததை எல்லாம் வெளியே தூக்கிவைப்பார்கள். அதற்கு அடுத்த நாள் ஏஜெண்டு, எல்லாப் பொருளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். வெளியே இருந்ததை மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்து எடுப்பார்கள். அந்தப் படம் பொய் சொல்லும், ஆனால் அந்தப் பெண் பொய் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே இயந்திரம் நின்ற தரையை விட்டுவிட்டு, இயந்திரத்தையே பாருங்கள். மிதிபலகை உள்ள பழைய வகையானால் இரும்புச் சட்டத்தில் நீர்க்கோடு இருக்கும். அதன் உயரம், அது முன்பு எங்கே நின்றது என்று அவர் சொல்கிறாரோ அந்த அறையின் சுவர்க்கோட்டோடு ஒத்துப்போனால் பேச்சு முடிந்தது. இரவல் வாங்கி வைத்த பொருளில் அந்தக் கோடு இருக்காது, இருந்தாலும் உயரம் ஒத்துவராது.

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

நேற்றே அளந்துவிட்டேன். ஹாலில் சுவர்க்கோடு தரையிலிருந்து 42 செ.மீ. சமையலறைக்கு ஒரு படி கீழே இறங்க வேண்டும், அந்தப் படி 15 செ.மீ. சமையலறையில் கோடு 57 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கணக்கு ஒத்துவந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. தையல் இயந்திரம் ஹால் ஜன்னலுக்குக் கீழே இருந்ததாக அம்மா சொன்னார், அதன் சட்டத்தில் கோடு 41-க்கும் 42-க்கும் இடையில் இருக்கிறது.

ஆனால் இதே அளவுதான் படம் 11-ஐ இன்னும் மோசமாக்குகிறது. ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கெட் இருக்கிறது. அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 45 செ.மீ. படம் 3-இல் கோடு அந்தச் சாக்கெட்டுக்குக் கொஞ்சம் கீழே ஓடுகிறது. படம் 11-இல் அதே சாக்கெட்டுக்கு மேலே ஓடுகிறது.

---

பழைய அட்ஜஸ்டர்

எவ்வளவு மேலே என்பதைச் சாக்கெட்டைக் கொண்டே அளக்கலாம். நம் நாட்டு ஒற்றைச் சாக்கெட் தகடு 86 மி.மீ. சதுரம். அது அதே சுவரில் பதிந்திருப்பதால் அந்தச் சுவர்க் கோட்டுக்கு நம்பகமான அளவுகோல் ஆகும். அறையின் நடுவில் நிற்கும் நாற்காலியை அளவுகோலாக எடுத்தால் தூரம் வேறுபட்டு ஏமாற்றிவிடும்.

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

சாக்கெட்டின் மேல் விளிம்புக்கு மேலே ஏறத்தாழ ஒன்றரைத் தகடு. அப்படியானால் 45-உடன் 8.6, அதனுடன் ஏறத்தாழ 13 சேர்த்து 66 அல்லது 67 செ.மீ. ஹாலின் உண்மையான கோட்டைவிட 24 செ.மீ. அதிகம்.

---

கைப்பேசிக் கடை ராமு

இங்கே நான் வீட்டுக்காரர் பக்கம் பேசுகிறேன். சிமெண்டுச் சுவர் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் 42-இல் நின்றாலும் ஈரம் 66 வரை ஏறலாமே? என் கடைச் சுவரில் அப்படித்தான் ஏறியது. அது ஈரக்கோடாக இருக்கலாம்.

---

பழைய அட்ஜஸ்டர்

ராமு, இது நல்ல கேள்வி. நான் பார்த்த இளைய மதிப்பீட்டாளர்கள் பலர் இதில்தான் வழுக்குவார்கள். ஈரம் ஏறும், ஆனால் ஒரே உயரத்தில் ஏறாது. பூச்சு தளர்ந்த இடத்தில் உயரும், இறுகிய இடத்தில் தாழும். விளிம்பு அலையலையாக, மங்கலாக இருக்கும். வண்டல் கோடு மெல்லியதாக, பழுப்பாக, ரசமட்டம் வைத்ததுபோல் நேராக ஓடும்; புல்லும் குப்பையும் அதில் ஒட்டியிருக்கும். அதைவிட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: கோடு சுவரிலும் மர அலமாரியிலும் ஒரே மட்டத்தில் தொடர்ந்து போனால், அது ஈரமாக இருக்கவே முடியாது. சிமெண்டும் மரமும் ஒரே வேகத்தில் உறிஞ்சுவதில்லை.

இளமாறன், படம் 11-இல் கோடு அலமாரியின் மேலும் போகிறதா?

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

போகிறது, ஐயா. சுவரிலிருந்து அலமாரியின் பக்கப் பலகைக்கு உடையாமல் போகிறது, பலகையில் புல் துணுக்குகூடத் தெரிகிறது.

இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். படம் 3-இல் சுவர் வெளிர் பச்சை, படம் 11-இல் பாலாடை நிறம். கைப்பேசி நிறத்தை மாற்றிக் காட்டுமென்று தெரியும், ஆனால் இரண்டு படங்களிலும் சாக்கெட் தகடு ஒரே வெள்ளையாகத்தான் இருக்கிறது. கைப்பேசி நிறத்தை இழுத்திருந்தால் தகட்டையும் சேர்த்தல்லவா இழுத்திருக்கும்?

---

பழைய அட்ஜஸ்டர்

ஆம். மாறியது சுவர்தான். எப்போது சாயம் பூசினார்கள் என்று கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்க வேண்டாம்.

---

வசந்தி

தீபாவளிக்குப் பூசியிருப்பார்கள். வேறு எப்போது பூசுவோம்?

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

வசந்தி அக்கா சொன்னதுதான் நடந்திருக்கிறது. தீபாவளி அக்டோபர் 20. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஹாலுக்குப் பச்சை பூசினார்கள். ஆகவே படம் 11 இந்த வெள்ளத்தில் எடுத்தது அல்ல. மகன் உடனே ஒப்புக்கொண்டார். முந்தைய வெள்ளமொன்றில் எடுத்ததாம். ஏஜெண்டு தொலைக்காட்சிப் படம் இல்லையே என்று கேட்டதும், இப்போதைய தொலைக்காட்சியைக் குப்பை லோரி ஏற்றிப் போய்விட்டதால், கைப்பேசியில் தேடிக் கிடைத்ததை அனுப்பினாராம். பழைய தொலைக்காட்சி அப்போதே போய்விட்டது, பிறகு வாங்கிய புதியதும் இந்த முறை போய்விட்டது என்கிறார். ரசீது கிடைக்கவில்லை.

அவர் பேசும்போது அம்மா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் குடும்பத்தைத் தெரியும். எழுதவே மனம் வரவில்லை.

---

லோகா

தெரிந்த குடும்பம் என்பதை மேலாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அதை மறைத்தால், நாளை உங்கள் 42 செ.மீ. அளவையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பழைய படத்தைத் தெரிந்தே இன்றைய சேதமாக அனுப்பியதால் கோரிக்கை முழுவதையும் மறுக்க இடமுண்டு என்று காப்புறுதி நிறுவனம் வாதிடும். பொலிசியில் மோசடிக் கோரிக்கை பற்றிய விதி இருக்கும், அதைப் படியுங்கள்.

---

பழைய அட்ஜஸ்டர்

வாதிடட்டும். அது நிறுவனத்தின் முடிவு, இளமாறனின் முடிவு அன்று. அறிக்கையில் "மோசடி" என்ற சொல்லே வர வேண்டாம். படம் 11-இல் கோடு எந்த உயரம், நேரில் எந்த உயரம், சுவரின் நிறம் என்ன, மகன் என்ன விளக்கம் சொன்னார், அவர் அதைக் கேட்டவுடன் சொன்னாரா, மறைத்தாரா என்று எழுதுங்கள். படத்தைத் திருத்தியதற்கான தடயம் எதுவும் காணப்படவில்லை என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் அதுவும் நீங்கள் கண்டதுதான். இந்த ஒரு இடத்தில் லோகாவும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை. தங்கை வீட்டுப் படத்தைத் தவறாக அனுப்பிய மகன், தொலைக்காட்சிப் படத்தையும் அதே அலட்சியத்தில் அனுப்பியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

தொலைக்காட்சி வெள்ளத்துக்கு முன் அங்கே இருந்ததா என்பதற்கு ஒரு வழி உண்டு. தீபாவளியன்று அந்த ஹாலில் கட்டாயம் படம் எடுத்திருப்பார்கள். பச்சைச் சுவரும் விருந்தாளிகளும் இருக்கும் படத்தில் பின்னால் தொலைக்காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படங்களைக் காப்புறுதிக்காக யாரும் எடுக்கவில்லை.

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். என் அறிக்கையை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார் என்று முடிவாகியிருக்கிறது.

தீபாவளிப் படங்கள் ஆறு வந்தன. இம்முறை ஆவணமாக அனுப்பச் சொன்னேன். எல்லாம் அக்டோபர் 20, ஜிபிஎஸ் நேரமும் பொருந்துகிறது. ஒன்றில், முறுக்குத் தட்டோடு நிற்கும் பெரியவரின் தோளுக்குப் பின்னால் தொலைக்காட்சி தெரிகிறது. மெல்லிய விளிம்புள்ள புதியது. படம் 11-இல் உள்ள பழைய தடித்த பெட்டி அன்று. ஆகவே புதியது இருந்தது உண்மை.

ஆனால் அதே படம் புதிய சிக்கலைத் தந்துவிட்டது. தொலைக்காட்சி, படம் 11-இல் உள்ளதைவிடத் தாழ்ந்த வேறொரு அலமாரியின் மேல் நிற்கிறது. அலமாரியின் மேற்பலகை, சாக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் நேரில் அளந்தாலும் 50 செ.மீ. தண்ணீர் 42-இல் நின்றது. அது எப்படி நனைந்தது?

---

பழைய அட்ஜஸ்டர்

அலமாரி சிப்போர்டா, பலகையா?

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

சிப்போர்டு. அடிப்பகுதி ஊறி ரொட்டிபோல் உப்பி, இடப்பக்கம் அமுங்கிக் கிடக்கிறது. அலமாரி சாய்ந்து தொலைக்காட்சி தண்ணீரில் விழுந்தது என்று மகன் சொல்கிறார். படம் 2-இல் அலமாரி சாய்ந்திருப்பது தெரிகிறது. அந்தப் படம் 24-ஆம் தேதி காலை எடுத்தது. அதன் மூலமும் இப்போது வந்துவிட்டது. ஆனால் படத்தில் தொலைக்காட்சி இல்லை, அது விழுந்து கிடந்ததைக் காட்டும் படமும் இல்லை.

---

லோகா

சிப்போர்டு ஓர் இரவில் சாயும் அளவுக்கு ஊறுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது?

---

பழைய அட்ஜஸ்டர்

திருகாணி பிடித்திருக்கும் மூலை முதலில் விட்டுவிட்டால் சாயலாம். நான் பார்த்திருக்கிறேன். எல்லா முறையும் அப்படி ஆகாது என்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த மூலையின் திருகாணித் துளை கிழிந்திருக்கிறதா, அல்லது யாரோ கழற்றியதுபோல் சுத்தமாக இருக்கிறதா என்று அலமாரியை அவர்கள் வீசுவதற்குள் போய்ப் பாருங்கள்.

---

இளமாறன் (பத்தாங் பெர்ஜுந்தை)

குப்பை லோரி வியாழக்கிழமை வரும். நாளை காலை வேலைக்குப் போகும் வழியில் அங்கே நிற்கிறேன்.